ஸ்கோப் ஷாட்டை 9:16 ஆக்கும்போது மேசை மேல் போகும் சாவி தொலைகிறது

மேசைவிளக்கு · 4 பிப்ரவரி, இரவு 9.10

2.39 ஸ்கோப் படம். 11 விநாடிக்கு ஒரே ஷாட், 24 ஃபிரேம் வேகம், மொத்தம் 264 ஃபிரேம். கேமரா அசையவே இல்லை. நீளமான மேசை, இடது ஓரம் அப்பா, வலது ஓரம் மகள். அப்பா பேசி முடித்து வீட்டுச் சாவியை மேசை மேல் தள்ளுகிறார். அது சறுக்கிப் போய் மகள் கைக்கு முன்னால் நிற்கிறது. அவள் எடுக்கவில்லை. காட்சி அவ்வளவுதான்.

இதை 1080×1920 ஆக மாற்ற வேண்டும். நடுவில் வெட்டினால் மேசை மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. எடிட்டரில் உள்ள தானியங்கி ரீஃபிரேமைப் போட்டால் அப்பா முகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மகள் வாயைத் திறந்த பிறகுதான் அந்தப் பக்கம் போகிறது. அதற்குள் சாவி வந்து நின்றுவிட்டது. பார்ப்பவருக்கு அது எங்கிருந்து வந்ததென்றே தெரியாது.

கீஃபிரேம் வைத்துச் சாவியைத் துரத்தலாமா?

ரீல்ராஜா · 4 பிப்ரவரி, 9.32

ரொம்ப யோசிக்காதீங்க பாஸ். 1080 உயரத்துக்கு 607 அகலம் வரும். அந்த 607 பெட்டியை அப்பாகிட்ட வச்சு, அப்புறம் மகள்கிட்ட நகர்த்துங்க, முடிஞ்சது. தானியங்கியில வேகத்தை Faster Motion-னு மாத்திப் பாருங்க, துரத்தும்.

கத்தரிக்காரர் · 4 பிப்ரவரி, 10.05

607 கணக்கு 16:9 படத்துக்குச் சரி. இது ஸ்கோப். 1920×1080 கோப்பாக இருந்தாலும் உள்ளே படம் 804 வரிதான், மேலே 138, கீழே 138 கருப்பு. 607 அகலத்தில் வெட்டினால் அந்தக் கருப்பும் கூடவே வரும். அதை நீக்கினால் மிஞ்சுவது 804 × 9 ÷ 16, அதாவது 452 பிக்சல் அகலம். 1920-இல் 452 என்றால் 23.5 சதவீதம். முக்கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முழுப் படத்தையும் 1080 அகலத்துக்குள் அடக்கினால் உயரம் 452 வரும். திரையில் அதுவும் 23.5 சதவீதம். முழுத்திரை வேண்டுமென்றால் கால்வாசிப் படம், முழுப் படம் வேண்டுமென்றால் கால்வாசித் திரை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கப் போகிறோம் என்பதுதான் வேலையே.

கருப்பு எத்தனை வரி என்று கண்ணால் அளக்க வேண்டாம்:

```
ffmpeg -i in.mov -vf cropdetect=round=2 -f null -
```

round=2 இல்லாமல் ஓட்டினால் அது 16-இன் மடங்குக்கு இறங்கும். 804 இருக்கிற இடத்தில் 800 என்று சொல்லும். இருட்டுக் காட்சியில் ஓட்டினாலும் தப்பாகத்தான் சொல்லும். வெளிச்சமான இடமாகப் பார்த்து ஓட்டுங்கள்.

ரீல்ராஜா · 4 பிப்ரவரி, 10.11

சரி, பட்டையை மறந்துட்டேன். ஆனா நகர்த்துற ஐடியா அதேதான்.

கத்தரிக்காரர் · 4 பிப்ரவரி, 10.58

நகர்த்துவதில்தான் சிக்கல். மேசைவிளக்கு, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்பா முகம், மகள் முகம், சாவி கிளம்பும் இடம், நிற்கும் இடம், இந்த நான்கின் கிடைமட்ட எண்ணையும் கொடுங்கள். சாவி கிளம்பும் ஃபிரேமும் நிற்கும் ஃபிரேமும் வேண்டும்.

மேசைவிளக்கு · 4 பிப்ரவரி, 11.20

1920 அகலத்தில் அளந்தது: அப்பா 430. மகள் 1490. சாவி 520-இல் கிளம்பி 1340-இல் நிற்கிறது. கிளம்புவது 110-ஆவது ஃபிரேம், நிற்பது 140. வேகம் கடைசியில் கொஞ்சம் குறைகிறது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கத்தரிக்காரர் · 5 பிப்ரவரி, காலை 7.15

அப்பாவை நடுவில் வைத்த பெட்டி 204 முதல் 656 வரை. மகளை நடுவில் வைத்தது 1264 முதல் 1716 வரை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 1060 பிக்சல் தூரம். 804 வரியை 1920 ஆக்க 2.388 மடங்கு பெருக்க வேண்டும், ஆக வெளியீட்டில் இது 2531 பிக்சல். செங்குத்துத் திரையின் அகலத்தைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல். அதை 30 ஃபிரேமில் கடந்தால் ஃபிரேமுக்கு 84 பிக்சல்.

நிஜக் கேமரா அந்த வேகத்தில் திரும்பியிருந்தால் பின்னணி இழுபட்டு மங்கியிருக்கும், கண்ணுக்கு உறுத்தாது. இங்கே கேமரா அசையவில்லை. சுவரும் நாற்காலியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் கூர்மையாகவே இருக்கின்றன. அவை 84, 84 பிக்சலாகத் தாவும்போது படம் சறுக்காது, படபடக்கும். சாவிக்கு நேர் எதிர். அது நிஜமாகவே ஓடியதால் மங்கிப் பதிவாகியிருக்கிறது. நீங்கள் அதைத் துரத்திப் பிடித்துத் திரை நடுவில் நிறுத்தினால், நிற்கிற சாவி மங்கலாகவும் ஓடுகிற சுவர் கூர்மையாகவும் தெரியும். கண்ணுக்கு இரண்டுமே தலைகீழ். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் எதுவோ போலி என்று பார்ப்பவர் உணர்ந்துவிடுவார்.

கேமரா ஏற்கெனவே நகரும் ஷாட்டில், அது போகும் திசையிலேயே பெட்டியையும் கொஞ்சம் சேர்த்து ஓட்டலாம், ஒளிந்துகொள்ளும். நிற்கும் ஷாட்டில் வேகமான பேன் வேண்டாம். கட் பண்ணுங்கள்.

பாப்கார்ன் · 5 பிப்ரவரி, 8.02

போனைப் படுக்கவைத்துப் பார்த்தால் இந்தத் தொல்லையே இல்லையே? படத்தை 90 டிகிரி திருப்பி ஏற்றிவிடுங்கள்.

மேசைவிளக்கு · 5 பிப்ரவரி, 8.40

திருப்பிப் பார்க்க மாட்டார்கள், தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போவார்கள். விரல் மேலே இருக்கும்போது யார் போனைத் திருப்புவது?

கத்தரிக்காரர் அண்ணே, ஒரே ஷாட்டுக்குள் கட் பண்ணினால் ஜம்ப் அடிக்காதா?

கத்தரிக்காரர் · 5 பிப்ரவரி, 9.30

இரண்டு பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்தான் அடிக்கும். அதே பூச்சட்டி முதல் கட்டில் வலது ஓரத்திலும் அடுத்த கட்டில் இடது ஓரத்திலும் தெரிந்தால் பின்னணி தாவியதுபோல இருக்கும். உங்களுக்கு 656-க்கும் 1264-க்கும் நடுவே 600 பிக்சல் இடைவெளி. பொதுவாக எதுவுமே இல்லை. தனித்தனியாக எடுத்த இரண்டு குளோசப் மாதிரி இருக்கும். அப்பா வலப்பக்கம் பார்க்கிறார், மகள் இடப்பக்கம் பார்க்கிறாள், பார்வைத் திசை தானாகவே சரியாக விழும். அகலத்திரைப் படங்களைப் பழைய 4:3 டிவிக்கு மாற்றிய காலத்திலேயே இரண்டு பேர் ஷாட்டை இப்படித்தான் பிளந்தார்கள். அவர்களுக்கு அகலத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது, நமக்குக் கால் பங்குகூட இல்லை.

இனி எந்த ஃபிரேமில் கட் என்பது. சாவி ஃபிரேமுக்குச் சுமார் 27 பிக்சல் போகிறது. 115-இல் அப்பா பெட்டியின் வலது விளிம்பைத் தாண்டும். மகள் பெட்டிக்குள் நுழைவது 137-இல். நடுவில் 22 ஃபிரேம் அது எங்குமே இல்லை. அந்த 22-ஐ வெட்டித் தூக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். மேசையில் உரசும் ஒலி அறுந்துபோகும், மகளின் அசைவும் தாவும். 118-இல் கட் பண்ணுங்கள். சாவி வெளியே போய் மூன்று ஃபிரேம் கழித்து. அதன்பின் 19 ஃபிரேம் மகள் முகம் மட்டும், கீழே உரசல் ஒலி, பிறகு சாவி உள்ளே வரும். அவள் கண் சாவியைப் பார்த்து இறங்குகிறதா? இறங்கினால் நீங்கள் எதையும் இழக்கவில்லை.

மேசைவிளக்கு · 5 பிப்ரவரி, இரவு 8.15

இறங்குகிறது, 124-இல். ஓட்டிப் பார்த்த கட்டளை:

```
ffmpeg -i in.mov -vf "crop=1920:804:0:138,scale=-2:1920,crop=1080:1920:x='if(lt(n,118),486,3018)':y=0,setsar=1" out.mp4
```

486, 3018 எப்படி வந்ததென்றால், முகம் இருக்கும் எண்ணை 2.388 ஆல் பெருக்கி 540 கழித்தேன். கட் சுத்தமாக விழுகிறது. சொல்லப்போனால் அகலத்திரையில் இருந்ததைவிட மகள் முகம் இப்போதுதான் நெருக்கமாகத் தெரிகிறது. சரிதானே என்ற சந்தேகமும் அதனால்தான். மூலத்தில் அந்தத் தூரம்தான் காட்சி. நீளமான மேசை, இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர். அது போய்விட்டது.

நிழற்பாவை · 5 பிப்ரவரி, 9.50

அப்ப மேலும் கீழுமா அடுக்கிப் பாருங்க. திரையை இரண்டாப் பிரிச்சா ஒவ்வொன்றும் 1080×960. 804 உயரத்துக்கு அதோட அகலம் 904. இரண்டு 904 சேர்ந்தா 1808. மொத்தம் 1920-தானே! நடுவுல 112 பிக்சல் மட்டும்தான் போகுது. பெருக்கமும் 2.388 இல்ல, 1.19 போதும், படமும் கூராத் தெரியும். மேல அப்பா, கீழ மகள். மேசையும் முக்கால்வாசி கிடைச்சுடும்.

கத்தரிக்காரர் · 5 பிப்ரவரி, 10.20

கணக்கு அழகாக இருக்கிறது. இருவர் உட்கார்ந்து பேசும் ஷாட்டுக்கு நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் இங்கே சாவி நடுக்கோட்டைத் தாண்டுகிறதே. மேல் பெட்டியின் வலது ஓரத்தில் மறைந்து கீழ்ப் பெட்டியின் இடது ஓரத்தில் முளைக்கும். திரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கண் குறுக்கே பாய வேண்டும், அதுவும் நான்கைந்து ஃபிரேமுக்குள். அந்த நேரத்தில் பலர் அப்பா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நிழற்பாவை · 5 பிப்ரவரி, 10.41

அப்பாவைப் பார்த்தா என்ன? சாவி கீழ வந்துடுச்சுன்னு ஒரு நொடி கழிச்சுப் பார்த்துக்குவாங்க. தூரம் முக்கியம்னு மேசைவிளக்கேதான் சொல்றார். தள்ளுறதுக்கு முன்னாடி அடுக்கு, தள்ளும்போது கட், நின்ன பிறகு மறுபடி அடுக்குன்னு வைக்கலாமே.

கத்தரிக்காரர் · 5 பிப்ரவரி, 10.47

11 விநாடியில் மூன்று தடவை அமைப்பு மாறினால் மேசை தெரியாது, நம் கைவேலைதான் தெரியும். எனக்கு ஒப்பவில்லை.

ஆறுபேர்ஆட்டம் · 6 பிப்ரவரி, மதியம் 1.05

இங்கேயே கேட்டுவிடுகிறேன். என்னிடம் இருப்பது நடனக் காட்சி. ஆறு பேர் ஒரே வரிசை, ஓரம் முதல் ஓரம் வரை. 452-இல் ஒன்றரை ஆள்தான் வருகிறார். கட் பண்ணினால் ஒருங்கே ஆடுவது தெரியவில்லை.

நிழற்பாவை · 6 பிப்ரவரி, 1.40

மேல முழுப் படத்தையும் 1080×452 பட்டையா வைங்க. கீழ மிச்சம் 1468 உயரம், அதுல முன்னாடி ஆடுறவரை மட்டும். அதுக்கு மூலத்துல 591 அகலம் வெட்டணும். வரிசை மாறி வேற ஆள் முன்னாடி வரும்போது கீழ இருக்கிறதை மட்டும் தாளத்துல கட் பண்ணுங்க. மேல இருக்கிறதைத் தொடாதீங்க. ஒரே ஆள் இரண்டு இடத்துல தெரியுறது சிலருக்குப் பிடிக்காது, ஆனா ஆட்டம் தப்பாது.

மேசைவிளக்கு · 6 பிப்ரவரி, இரவு 11.30

நேற்று சொன்னதைத் திருத்துகிறேன். கணினியில் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. போனில் செயலிக்குள் வரைவாக ஏற்றிப் பார்த்தால் சாவியைக் காணோம். மகள் முன்னால் சாவி நிற்கும் இடம் மூலத்தில் 700-ஆவது வரி. 2.388 ஆல் பெருக்கினால் 1672. அங்கேதான் கணக்குப் பெயரும் தலைப்பும் மேலே வந்து உட்கார்கின்றன. இத்தனை பேர் சேர்ந்து காப்பாற்றிய சாவி எழுத்துக்குக் கீழே கிடக்கிறது.

பெட்டியைக் கீழே இறக்கலாமென்றால் முழு உயரத்தையும் ஏற்கெனவே எடுத்தாயிற்று. மேலும் கீழும் நகர இடமே இல்லை.

கத்தரிக்காரர் · 7 பிப்ரவரி, காலை 6.50

இதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். கிடைமட்ட எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன், செங்குத்து எண்ணைக் கேட்கவில்லை.

முழுத்திரையை விட்டுக்கொடுங்கள். படத்தை 4:5 ஆக, 1080×1350 பெட்டியில் வையுங்கள், திரையில் 200-ஆவது வரியிலிருந்து 1550 வரை. மூலத்தில் 643 அகலம் கிடைக்கும், 452-ஐவிட 42 சதவீதம் கூட. பெருக்கம் 1.68 ஆகக் குறைகிறது. சாவி 700 × 1.68 = 1176, மேலே விட்ட 200 சேர்த்து 1376. தப்பித்தது. செயலிக்குச் செயலி மறைக்கும் அளவு வேறு, பதிப்பு மாறினாலும் மாறும். அதனால் உங்கள் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து டைம்லைனில் மேல் அடுக்காகப் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். வலது ஓரத்துப் பொத்தான்களும் அதில் தெரியும்.

அப்பா பெட்டி இப்போது 109 முதல் 752. மகளுக்கு முகத்தை நடுவில் வைக்காமல் 40 பிக்சல் வலமாகத் தள்ளி 1208 முதல் 1851 எடுங்கள், அவள் முகம் இடப்பக்கம் ஒதுங்கும், பொத்தான்களிலிருந்து விலகும். சாவி வெளியேறுவது 119-இல், நுழைவது 135-இல்.

ரீல்ராஜா · 7 பிப்ரவரி, 9.15

மேலயும் கீழயும் வர்ற வெற்றிடத்துக்கு அதே படத்தைப் பெருசாக்கி மங்கலாப் போடுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.

கத்தரிக்காரர் · 7 பிப்ரவரி, 9.40

கட் விழும்போது அந்த மங்கலும் நிறம் மாறித் தாவும். கண் ஓரத்தில் ஒரு மின்னல் அடித்தது போல இருக்கும், முகத்தைப் பார்க்கவேண்டிய 16 ஃபிரேமில் அது தேவையில்லை. வெறும் கருப்பு போதும். மங்கல்தான் வேண்டுமென்றால் ஒரே ஃபிரேமை உறையவைத்து ஷாட் முழுக்க அதையே வையுங்கள்.

ஆறுபேர்ஆட்டம் · 7 பிப்ரவரி, மாலை 5.20

பட்டையும் ஆளும் அமைப்பு வேலை செய்கிறது. ஆனால் கீழ்ப் பெட்டியை 5 விநாடியில் 60 பிக்சல் மெதுவாக நகர்த்தினேன். நகராமல் குதிக்கிறது. ffmpeg-இல்தான் செய்தேன், முதலில் வெட்டி அப்புறம் பெரிதாக்கினேன்.

கத்தரிக்காரர் · 7 பிப்ரவரி, 6.05

வரிசைதான் காரணம். 120 ஃபிரேமில் 60 பிக்சல் என்றால் ஃபிரேமுக்கு அரை பிக்சல். crop அரை பிக்சல் நகராது. 4:2:0 வீடியோவில் இரட்டை எண்ணுக்குத்தான் போகும். ஆக நான்கு ஃபிரேம் சும்மா நின்று, அடுத்ததில் 2 பிக்சல் தாவுகிறது. அதன்பிறகு பெரிதாக்கும்போது தாவலும் சேர்ந்து பெரிதாகிறது. முதலில் scale, பிறகு crop என்று மாற்றினால் தாவல் சிறிதாகும், முழுதாகப் போகாது. மெதுவான நகர்வை எடிட்டிங் மென்பொருளிலேயே செய்யுங்கள், அங்கே பிக்சலுக்குக் குறைவாகவும் நகரும். கட் மட்டும் என்றால் ffmpeg போதும்.

இன்னொன்றும் பாருங்கள். எடிட்டரில் கட்டுக்கு இரண்டு பக்கமும் கீஃபிரேம் வைத்தால் நடுவில் ஒரே ஒரு ஃபிரேம் வழுக்கலாம். போனில் அது சின்னத் துடிப்பாகத் தெரியும், காரணம் பிடிபடாது. அந்த இடத்தில் ஹோல்டு கீஃபிரேம் வையுங்கள். அல்லது கிளிப்பையே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இடத்தைத் தனியாகக் கொடுங்கள்.

பாப்கார்ன் · 7 பிப்ரவரி, 7.30

மேசைவிளக்கு 4K-இல் ஏற்றுமதி செய்தால் இன்னும் தெளிவாக வருமா?

நிழற்பாவை · 7 பிப்ரவரி, 7.44

ஏற்றுமதியில இல்ல, மூலத்துல இருக்கு. 1920 கோப்புல வெட்டினதை 4K-ன்னு எழுதினா பெரிய கோப்பு வரும், புதுசா எதுவும் வராது. 3840 மாஸ்டர் கிடைச்சா 4:5-க்கு 1286 பிக்சல் அகலம் இருக்கும், 1080-க்குச் சுருக்கத்தான் வேணும். கேக்கும்போதே எழுத்து இல்லாத மாஸ்டரா கேளுங்க. சப்டைட்டில் பதிஞ்ச கோப்புன்னா வரியோட இரண்டு முனையும் வெட்டுப்படும்.

மேசைவிளக்கு · 8 பிப்ரவரி, இரவு 10.25

4:5, கருப்பு, 3840 மாஸ்டர். சாவி தெரிகிறது. கட்டை 122-இல் வைத்திருக்கிறேன். மகள் முகம் மட்டும் தனியாக இருப்பது 13 ஃபிரேம், அரை விநாடிக்குச் சற்று அதிகம். கட் விழுந்த இரண்டாவது ஃபிரேமிலேயே கண் இறங்கிவிடுகிறது. முகத்தைக் கண்டுபிடிப்பதற்குள் இறங்கிவிடுகிறதோ என்று ஒரு சந்தேகம்.

கத்தரிக்காரர் · 8 பிப்ரவரி, 10.40

119-க்குக் கொண்டுபோங்கள். சாவியின் நுனி அப்பா பெட்டியின் ஓரத்தில் இருக்கும்போதே கட். மூன்று ஃபிரேம் கூடக் கிடைக்கும்.

நிழற்பாவை · 8 பிப்ரவரி, 10.52

வேண்டாம். சாவி வெளிய போகணும், காலி மேசை ஒரு கணமாவது தெரியணும். 122 இருக்கட்டும்.

மேசைவிளக்கு · 9 பிப்ரவரி, காலை 7.05

இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒலியை அணைத்துப் பார்த்தேன், 119 தெளிவு. ஒலியோடு பார்த்தால் 122, உரசல் முதலில் அப்பா பக்கம் கேட்கிறது. இதைப் பாதிப் பேர் ஒலியில்லாமல்தான் பார்ப்பார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை.